நாற்பது நிமிடமாகச் சுருங்கிய பேச்சு: பாட்காஸ்ட் ஹோஸ்டிங் திட்டங்கள் நம்மிடமிருந்து எதைக் கழிக்கின்றன?

(கும்மிடிப்பூண்டியில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தொழிலாளர் வாய்மொழி வரலாறு பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தீர்கள். அதைச் சேமித்து வைக்கும் இடத்தைப் பற்றிப் பேசலாமா என்று நான் கேட்டேன். உங்களில் மூன்று நான்கு பேர் பாட்காஸ்ட் தொடங்கப் போவதாகச் சொன்னீர்கள். நாங்கள் 2021இல் அதைச் செய்து மூன்று தவறுகள் செய்தோம். அந்த மூன்றும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் விலைப் பட்டியலில் முன்பே எழுதியிருந்தவைதான். நாங்கள் படித்தோம், ஆனால் அதன் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பாட்காஸ்ட் என்பது இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று ஒலிக்கோப்பு, பெரும்பாலும் எம்பி3. இன்னொன்று ஃபீட் எனப்படும் பட்டியல். எந்த எபிசோட், என்ன தலைப்பு, ஒலிக்கோப்பு எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் சிறிய எழுத்துக் கோப்பு அது. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், ஆண்டெனாபாட் போன்ற செயலிகள் அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டுகின்றன, கோப்பைத் தங்களிடம் வைத்துக்கொள்வதில்லை. கோப்பையும் பட்டியலையும் இணையத்தில் வைத்திருக்கும் வேலையைத்தான் ஹோஸ்டிங் நிறுவனம் செய்கிறது. அது மூன்று இடங்களில் எல்லை போடுகிறது: மாதத்துக்கு எத்தனை மணி நேரம் ஏற்றலாம், பழைய எபிசோடுகள் எத்தனை நாள் இருக்கும், யார் கேட்டார்கள் என்ற கணக்கை எவ்வளவு விரிவாகக் காட்டும்.

எங்கள் கதையை இந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

மணி நேரம்

நாங்கள் நான்கு பேர். இந்த சிப்காட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வேலை செய்பவர்களின் பேச்சை வாரம் ஒன்றாக வெளியிடுவது என்று முடிவு செய்தோம். இங்கே உள்ளூர்க்காரர்களோடு பீகார், ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு எபிசோடுக்கும் தமிழில் 40 நிமிடம், இந்தியில் 20 நிமிடச் சுருக்கம் என்று வைத்தோம். நாங்கள் எடுத்த கட்டணத் திட்டத்தில் மாதம் 4 மணி நேரம் ஏற்றலாம். வாரம் ஒரு மணி நேரம், நான்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம். கணக்கு கச்சிதமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம்.

சிக்கல் இரண்டாவது மாதமே வந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைகள் அதிகம். அங்கே குடும்பத்தோடு கொத்தடிமையாக இருந்து வெளியே வந்த இருளர் பெண் ஒருவரை நாங்கள் சந்தித்தோம். இப்போது அவர் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு குடியிருப்பில் இருக்கிறார். நெல்லை ஊற வைப்பது, அவிப்பது, களத்தில் கொட்டிக் காய வைப்பது, ராத்திரி மழை வந்தால் எழுந்து ஓடி மூடுவது என்று அந்த அம்மா பேசிக்கொண்டே போனார். பதிவு 80 நிமிடம் வந்தது.

எண்பது நிமிடத்தையும் வெளியிட்டால் இந்திச் சுருக்கத்தோடு சேர்த்து 100 நிமிடம். மாதத்தில் எங்களிடம் இருப்பது 240 நிமிடம். மீதி மூன்று வாரத்துக்கு 140 நிமிடம்தான் மிஞ்சும், தேவைப்படுவது 180. இரண்டு பகுதியாகப் பிரித்தாலும் மொத்தம் குறையாது. ஒரு பகுதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம், ஆனால் அந்த மாதமும் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. மிச்சமான நிமிடங்கள் அடுத்த மாதத்துக்குச் சேராது. ஏற்றிய கோப்பில் பிழை கண்டு திருத்தி மறுபடி ஏற்றினால், எங்கள் திட்டத்தில் அதுவும் புதிதாகக் கணக்கில் ஏறும். ஆகவே 80 நிமிடத்தை 40 ஆக வெட்டினோம்.

எதை வெட்டினோம்? மௌனங்களை வெட்டினோம். இருமலை வெட்டினோம். பிறகு, "திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறார்" என்று எங்களுக்குத் தோன்றிய ஒன்பது நிமிடத்தை வெட்டினோம். அதில் அந்த அம்மா முன்பணக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய மகளுக்குச் சடங்கு வைத்தபோது வாங்கியது எவ்வளவு, வீட்டுக்காரருக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது வாங்கியது எவ்வளவு, எந்த மாதம், யார் கையால். நடுவில் மறந்துவிடும். "இரு கண்ணு, முதல்ல இருந்து சொல்றேன்" என்று மீண்டும் தொடங்குவார். கேட்பவர்களுக்கு அலுப்பாக இருக்கும் என்று நினைத்தோம்.

ஒரு வருடம் கழித்துத் தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் ஒரு வழக்கறிஞர் தோழர் என்னை அழைத்தார். அதே ஆலையில் இருந்த இன்னொரு குடும்பத்துக்கு விடுதலைச் சான்றிதழ் கேட்டு மனு தயாரிக்கிறார்கள். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி கொத்தடிமை என்பதன் அச்சே முன்பணம்தான். என்ன கடன், அதற்கு ஈடாக என்ன வேலை என்பதை வைத்துத்தான் கோட்டாட்சியரின் விசாரணை நகரும். சான்றிதழ் இல்லாமல் மறுவாழ்வு உதவி இல்லை. "தோழர், அந்த அம்மா முன்பணம் பத்தி எங்கேயாவது சொல்லியிருக்காங்களா? மாசம், தொகை இருந்தா நம்ம ஆளுங்களுக்கு ஞாபகப்படுத்திக்க உதவும்" என்றார். இருந்தது. நாங்கள் அலுப்பு என்று வெட்டிய ஒன்பது நிமிடத்தில் இருந்தது.

ஒரு கேள்வியை நாங்கள் அன்றே கேட்டிருக்க வேண்டும். இந்த எல்லை எதைக் காப்பதற்காக? இடத்தையா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலிக்கோப்பின் அளவைத் தீர்மானிப்பது பிட்ரேட். பேச்சுக்கு 64 கேபிபிஎஸ், ஒற்றைத் தடம் போதும். அது நொடிக்கு 8 கேபி, ஒரு மணி நேரத்துக்கு சுமார் 29 எம்பி. பாட்டுக்குப் பயன்படும் 128 வைத்தால் 58 எம்பி. அப்படியானால் நூறு மணி நேரப் பேச்சு 3 ஜிபிக்குள் அடங்கும். உங்கள் சாவிக்கொத்தில் தொங்கும் பென்டிரைவ் அதைவிடப் பெரியது. நிறுவனத்துக்குச் செலவு வைப்பது, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்கும்போது கோப்பை அனுப்பும் வேலையும், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் ஆட்களும்தான். மணி நேர எல்லை என்பது பெரிய வாடிக்கையாளரையும் சின்ன வாடிக்கையாளரையும் பிரித்து விலை வைக்க ஒரு வழி.

இந்த எல்லைகள் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய லிப்சின், மாதத்துக்கு இத்தனை எம்பி என்று அளந்தது. அங்கே 128 கேபிபிஎஸ்ஸை 64 ஆகக் குறைத்தால் அதே காசுக்கு இருமடங்கு நேரம் கிடைக்கும். பஸ்ஸ்ப்ரவுட் மணி நேரத்தை அளக்கிறது. அங்கே பிட்ரேட்டைக் குறைத்து ஒரு பயனும் இல்லை, பேச்சையே குறைக்க வேண்டும். சவுண்ட்கிளவுட், பாட்பீன் இலவசத் திட்டங்கள் மாதத்தை அளப்பதில்லை, கணக்கில் மொத்தம் இத்தனை மணி நேரம்தான் என்கின்றன. ஆகவே திட்டம் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, அளவுகோலை: நிமிடமா, எம்பியா, மாதத்துக்கா, மொத்தத்துக்கா?

இன்னொன்றையும் கவனியுங்கள். நிமிடத்தை அளக்கும் திட்டத்தில் இரண்டு மொழியில் பேசுகிறவர் இருமடங்கு கொடுக்கிறார். நிறுத்தி நிதானமாக, யோசித்துப் பேசுகிறவர் வேகமாகப் பேசுகிறவரைவிட அதிகம் கொடுக்கிறார். மேடையில் பேசிப் பழகியவர் நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுவார். முதல்முறையாகத் தன் கணக்கைத் தானே சொல்லிப் பார்க்கும் ஒருவருக்கு நாற்பது நிமிடம் போதாது. நிறுவனம் அவரை வெட்டச் சொல்லவில்லை. கத்தி எங்கள் கையில்தான் இருந்தது.

பழைய எபிசோடுகள்

வழக்கறிஞர் தோழர் கேட்டதும் குறைந்தபட்சம் அந்த 40 நிமிட எபிசோடையாவது அனுப்பலாம் என்று செயலியைத் திறந்தேன். எபிசோட் இல்லை. கடைசி சில எபிசோடுகள் மட்டும் இருந்தன. முதல் ஆறு மாதத்து எபிசோடுகள் ஒன்றுகூட இல்லை.

நடந்தது இதுதான். நாங்கள் மாதக் கட்டணத்தை எங்களில் ஒருவரின் கார்டிலிருந்து தானாகப் போகும்படி வைத்திருந்தோம். தானாகக் கழியும் கார்டு கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த புதிய விதிமுறை 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முறையாகப் பதிவு செய்து கூடுதல் ஒப்புதல் தராத கட்டணங்களை வங்கிகள் நிறுத்தின. வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகும் சின்னச் சின்ன மாதக் கட்டணங்கள் அந்த நேரத்தில் பலருக்கும் நின்றன. எங்களுக்கும் நின்றது. நிறுவனம் மின்னஞ்சலில் எச்சரித்திருந்தது. அந்த மின்னஞ்சல் முகவரியை நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. கணக்கு இலவசத் திட்டத்துக்கு இறங்கியது. இலவசத் திட்டத்தில் குறிப்பிட்ட நாளைத் தாண்டிய எபிசோடுகள் ஃபீடிலிருந்து எடுக்கப்படும். நாங்கள் கையெழுத்திட்ட நிபந்தனையில் அது இருந்தது.

இது அபூர்வமான நிபந்தனை இல்லை. பஸ்ஸ்ப்ரவுட்டின் இலவசத் திட்டம் வெகுகாலமாக மாதம் 2 மணி நேரம், எபிசோடுகள் 90 நாள் என்று வெளிப்படையாகவே சொல்லி வந்தது. பழகிப் பார்ப்பதற்கான திட்டம் அது, அந்த அளவில் நேர்மையானதும்கூட. பிசகு எங்கே நேர்கிறது என்றால், நாம் ஹோஸ்டிங்கை ஆவணக் காப்பகம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது கடை வாடகை மாதிரி. வாடகை நின்றால் சரக்கு வெளியே போகும்.

பழைய எபிசோட் மறைவதில் ஒரு தந்திரமான குணம் இருக்கிறது: யாருக்கும் தெரியாது. ஃபீடிலிருந்து ஒரு வரி நீங்கினால் செயலி அறிவிப்பு எதுவும் தராது. ஏற்கெனவே டவுன்லோடு செய்தவர் கைபேசியில் அது பாடிக்கொண்டிருக்கும். புதிதாக வருபவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. கண்டுபிடிக்க ஒரே வழி, மாதம் ஒருமுறை உங்கள் கணக்கில் நுழையாமல், வேறொருவர் கைபேசியில், முதல் எபிசோடைத் தேடி ஒலிக்க விட்டுப் பார்ப்பது. முதல் எபிசோட் ஒலித்தால் பெரும்பாலும் மற்றவையும் இருக்கும்.

எங்கள் மூலப் பதிவு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ரெக்கார்டரில் அது வேவ் கோப்பு. ஒற்றைத் தடத்தில் 80 நிமிடம் சுமார் 420 எம்பி. மெமரி கார்டு நிறைந்ததால் அழித்து மறுபடி பயன்படுத்தியிருந்தோம். "வெளியிட்டாச்சே, இணையத்தில்தான் இருக்கே" என்பதுதான் எங்கள் நியாயம். கடைசியில், இந்திச் சுருக்கம் எழுதிய தோழரின் கைபேசியில், டவுன்லோட்ஸ் அடைவில், மொழிபெயர்ப்புக்காக அனுப்பிய முழுநீள எம்பி3 கிடந்தது. அவர் கைபேசியைச் சுத்தம் செய்யாத சோம்பலால் அந்த ஒன்பது நிமிடம் பிழைத்தது. 52ஆம் நிமிடத்தில் தொடங்கி 61ஆம் நிமிடம் வரை முன்பணக் கணக்கு. வழக்கறிஞர் அதைக் கேட்டு நாள்வரிசைப் பட்டியல் ஒன்று தயாரித்தார். அந்த ஒலிப்பதிவே ஆதாரம் ஆகிவிடாது, விசாரணையில் மனிதர்கள்தான் வந்து பேச வேண்டும். ஆனால் அவர்கள் நினைவுபடுத்திக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைத்தது.

நம் வரலாற்றில் இது புதிதில்லை. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' வார இதழை அவர் மறையும் வரை, 1914 வரை, நடத்தினார். அந்த எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுத்த தொகுதிகளாக நம் தலைமுறையின் கைக்கு வந்தது 1999இல். இடையில் எண்பத்தைந்து ஆண்டுகள். வெளியிட்டதால் மட்டும் எதுவும் நிலைப்பதில்லை. யாரோ வீட்டில் கட்டி வைத்த பிரதிகளால் நிலைக்கிறது. காகிதம் பரணில் தானாகக் கிடக்கும், வாடகைச் சர்வர் அப்படிக் கிடக்காது.

கணக்கு

மூன்றாவது தவறுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அரிசி ஆலை எபிசோட் வெளியான ஒரு மாதத்தில் எங்கள் பலகையில் 41 டவுன்லோடு என்று காட்டியது. அதற்கு முந்தைய வாரம் சினிமா பற்றி வெளியிட்ட எபிசோடுக்கு 380. இடம் என்ற பகுதியில் சென்னை, மும்பை என்று இருந்தது. கும்மிடிப்பூண்டி என்ற பெயரே இல்லை. நாங்கள் உட்கார்ந்து பேசி, "நம்ம ஆளுங்க இதைக் கேக்கலை, நகரத்துப் பசங்கதான் கேக்கறாங்க" என்று முடிவு செய்து, ஆலை, சூளை பற்றித் திட்டமிட்டிருந்த மூன்று எபிசோடுகளைக் கைவிட்டோம்.

அந்த 41 எப்படி வந்தது என்று பிறகுதான் படித்தேன். டவுன்லோடை எண்ணுவதற்கு ஐஏபி என்ற விளம்பரத் துறை அமைப்பு விதி வகுத்திருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2017இல் வந்தது, பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைப் பின்பற்றுகின்றன. விதி சுருக்கமாக இது: ஒரு நிமிட ஒலிக்குரிய அளவாவது கோப்பு இறங்கியிருந்தால் ஒரு டவுன்லோடு. ஒரே ஐபி முகவரியிலிருந்து, ஒரே வகைச் செயலி அல்லது கருவியிலிருந்து, ஒரே எபிசோடை 24 மணி நேரத்துக்குள் எத்தனை முறை கேட்டாலும் ஒன்றுதான். விளம்பரதாரரை ஏமாற்றாமல் இருக்க ஏற்பட்ட விதி. ஒருவர் பத்து முறை அழுத்தி எண்ணிக்கையை ஏற்ற முடியாது.

இப்போது அதே விதியைத் தொழிலாளர் விடுதியில் வைத்துப் பாருங்கள். ஒரு கட்டிடத்துக்கு ஒரு வைஃபை, வெளியுலகுக்கு ஒரே ஐபி முகவரி. பத்துப் பேர் ஒரே செயலியில், ஒரே ராத்திரி கேட்டால், கருவியின் அடையாளமும் ஒன்றாகத் தெரியும்போது, அது ஒன்று. விடுதியில் வைஃபை இல்லை, மொபைல் டேட்டாதான் என்றாலும் நிலைமை அதிகம் மாறாது. தொலைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அந்த முகவரி எந்த ஊரில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஊர்தான் பலகையில் தெரியும். சிப்காட் வாசலில் நின்று கேட்டவர் சென்னைக்காரராகவோ மும்பைக்காரராகவோ ஆவது இப்படித்தான். நாங்கள் "நகரத்துப் பசங்க" என்று நினைத்ததில் நீங்களும் இருந்திருக்கலாம்.

மறுபக்கம், இந்த விதி சிலரைக் கூட்டியும் காட்டும். பின்தொடரும் நிகழ்ச்சியைக் கைபேசி தானாக இறக்கி வைத்துக்கொண்டால், காதில் வைக்காமலே ஒரு டவுன்லோடு ஏறும். 2023 செப்டம்பரில் ஐபோனின் ஐஓஎஸ் 17 வந்தபோது ஆப்பிள் தானாக இறக்கும் முறையை மாற்றியது. உலகம் முழுக்கப் பல பாட்காஸ்ட்களின் எண்ணிக்கை இறங்கியது. கேட்பவர்கள் குறையவில்லை, கேட்காத டவுன்லோடுகள் குறைந்தன. ஆக, தனி ஐபோன் வைத்திருப்பவர் கேட்காமலே எண்ணப்படுகிறார். ஒரு அறையில் எட்டுப் பேர் கூடிக் கேட்டால் ஒருவர் எண்ணப்படுகிறார்.

எண்ணப்படவே படாத ஒரு வழியும் உண்டு. அரிசி ஆலை எபிசோட் 64 கேபிபிஎஸ்ஸில் 19 எம்பி இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒலியாக அனுப்ப அப்போது 16 எம்பிதான் எல்லை. யாரோ ஒரு நல்லவர் அதை 48க்குக் குறைத்து 14 எம்பி ஆக்கி அனுப்பியிருக்கிறார். அது எத்தனை குழுக்களில் சுற்றியது என்பது எந்தப் பலகையிலும் வராது, ஏனென்றால் கோப்பு ஹோஸ்டிங் சர்வரிலிருந்து இரண்டாம் முறை இறங்கவே இல்லை. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் ஒரு அண்ணன் என்னிடமே, "இந்த ஆலை விஷயம் கேட்டீங்களாம்மா?" என்று எங்கள் எபிசோடைப் போட்டுக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு ஒரு சோதனை செய்தோம். அடுத்த எபிசோடின் முடிவில் ஒரு எண் சொல்லி, "கேட்டவங்க ஒரு மிஸ்டு கால் கொடுங்க" என்றோம். இரண்டு வாரத்தில் பலகையில் 63 டவுன்லோடு. வெவ்வேறு எண்களிலிருந்து மிஸ்டு கால் 212. மிஸ்டு கால் கொடுக்காதவர்களும் இருப்பார்கள். ஆகவே 212ம் முழு எண் இல்லை. ஆனால் 63ஐ நம்பி எதையும் கைவிடக் கூடாது என்பதற்கு அது போதும்.

இந்த யோசனை எங்களுடையது அல்ல. சத்தீஸ்கரில் 2010இல் சுப்ரான்ஷு சௌத்ரி தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா இதை இன்னும் ஆழமாகச் செய்தது. இணையமே இல்லாத ஆதிவாசி கிராமங்களிலிருந்து மக்கள் ஒரு எண்ணை அழைப்பார்கள். அழைப்பு துண்டிக்கப்பட்டு, திரும்ப அழைப்பு வரும். அதில் தங்கள் செய்தியைப் பதியலாம், மற்றவர் செய்தியைக் கேட்கலாம். கேட்பவர் அங்கே ஐபி முகவரியாக இல்லை, தன் எண்ணோடு பேசக்கூடிய ஆளாக இருந்தார்.

கூடுதல் பணம் கட்டினால் விரிவான புள்ளிவிவரம் தருகிறோம் என்று பல திட்டங்கள் சொல்லும். எந்தச் செயலி, எந்த ஊர், எந்த நாள் என்று பிரித்துக் காட்டும். அவை பயனுள்ளவைதான், ஆனால் அடியில் இருப்பது இதே எண்ணும் முறை. விரிவாகக் காட்டுவதால் 41 என்பது 42 ஆகாது.

இப்போது என்ன செய்கிறோம்

கேள்வி நேரத்தில் வரப்போகும் ஒன்றை முதலிலேயே எடுத்துக்கொள்கிறேன். "எல்லையே இல்லாமல் இலவசமாகத் தரும் இடம் இருக்கிறதே?" இருக்கிறது. ஆங்கர் என்ற சேவையை 2019இல் ஸ்பாட்டிஃபை வாங்கியது. 2023இல் அதன் பெயர் ஸ்பாட்டிஃபை ஃபார் பாட்காஸ்டர்ஸ், 2024இல் ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ். மணி நேர எல்லையும் பழைய எபிசோட் எல்லையும் அங்கே இல்லை. கையில் காசில்லை என்றால் அங்கே தொடங்குங்கள், தப்பில்லை. ஆனால் ஃபீடின் முகவரி அவர்களுடையது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது நினைவிருக்கும். இலவசமாகத் தருபவர் முடிவை மாற்றும்போது நம்மைக் கேட்பதில்லை. எனவே எங்கே இருந்தாலும் மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, பதிவு முடிந்த அன்றே, வெட்டுவதற்கு முன், முழுக் கோப்பையும் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று ஹார்டு டிஸ்க், இன்னொன்று வேறொரு தோழர் வீட்டில். மணி நேர எல்லை வெளியீட்டுக்குத்தான், பதிவுக்கு இல்லை என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாவது, ஃபீடின் முகவரி உங்கள் சொந்த டொமைனில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகும். எங்கள் ஒலிக்கோப்புகள் இப்போது இன்டர்நெட் ஆர்கைவில், அதாவது archive.org தளத்தில் இருக்கின்றன. மணி நேரக் கட்டணம் இல்லை, நாள் எல்லை இல்லை. ஃபீடை நாங்களே எழுதி எங்கள் தளத்தில் வைக்கிறோம். ஒரு எபிசோடுக்கு இவ்வளவுதான்:

```xml
<item>
  <title>அரிசி ஆலை</title>
  <guid isPermaLink="false">ep-2021-007</guid>
  <enclosure
    url="https://archive.org/download/ITEM/007.mp3"
    length="19200000" type="audio/mpeg"/>
</item>
```

ITEM என்ற இடத்தில் உங்கள் தொகுப்பின் பெயர் வரும். length என்பது பைட் கணக்கில் கோப்பின் அளவு. guid என்பது எபிசோடின் அடையாள எண். நாளைக்கு ஒலிக்கோப்பை வேறிடத்துக்கு மாற்றினால் url வரியை மட்டும் மாற்றுங்கள், guid வரியைத் தொடாதீர்கள். தொட்டால் செயலிகள் பழைய எபிசோடையெல்லாம் புதிது என்று நினைத்து மறுபடி இறக்கும். ஏற்கெனவே வேறு நிறுவனத்தில் இருப்பவர்கள், வெளியேறும்போது பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 எனப்படும் நிரந்தரத் திருப்பம் வைத்துத் தருவீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். குறைந்தது நான்கு வாரமாவது அது இருக்க வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது. அது இல்லாவிட்டால் பின்தொடர்பவர்கள் பழைய வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

இதற்கும் குறைகள் உண்டு. ஆர்கைவ் மெதுவாக இறங்கும். 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் பல நாள் முடங்கிக் கிடந்தது. அந்த நாட்களில் எங்கள் எபிசோடுகளும் ஒலிக்கவில்லை. ஹார்டு டிஸ்க் வேண்டும் என்பது அதனால்தான். கேட்போர் கணக்கும் அங்கே மிகச் சுருக்கமாகத்தான் கிடைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் என்றைக்குமாகப் பொதுவில் வைப்பது சரியில்லை. அந்த அம்மாவின் 80 நிமிடப் பேச்சில் ஆட்களின் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. நாங்கள் மறுபடி போய்க் கேட்டோம். "சின்னதை எல்லாரும் கேக்கட்டும் கண்ணு. பெருசு உங்கிட்ட இருக்கட்டும், கேஸுக்குன்னா குடு" என்றார். அப்படியே வைத்திருக்கிறோம். 40 நிமிடம் பொதுவில், 80 நிமிடம் இரண்டு வீடுகளில். எது நீள வேண்டும், எது நிலைக்க வேண்டும் என்பதை முதல்முறை விலைப் பட்டியல் முடிவு செய்தது. இரண்டாம் முறை அவர் முடிவு செய்தார்.

மூன்றாவது, பலகையில் வரும் எண்ணை "குறைந்தது இத்தனை" என்று மட்டும் படியுங்கள். ஒரே எபிசோடின் முதல் வாரத்தையும் இன்னொன்றின் முதல் வாரத்தையும் ஒப்பிட அது உதவும். யார் கேட்கவில்லை என்று சொல்ல அதற்குத் தகுதி இல்லை. அதற்கு மிஸ்டு கால் எண் வையுங்கள், ஷிப்ட் முடியும் நேரத்தில் டீக்கடைக்குப் போங்கள்.

கைவிட்ட மூன்று எபிசோடுகளில் இரண்டைப் பிறகு செய்துவிட்டோம். மூன்றாவது செங்கல் சூளை பற்றியது. பேச ஒப்புக்கொண்டிருந்த குடும்பம் அதற்குள் வேலை தேடி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. எங்கே என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். உங்களில் யாருக்காவது ஊத்துக்கோட்டை பக்கம் சூளைகளில் வேலை செய்தவர்கள் தொடர்பு இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.